வாங்கியவர் ஒருவர், உள்நுழைபவர் வேறொருவர்: சந்தாவின் உரிமையாளரை யார் தீர்மானிப்பது?

ஒரு கடையில் பணம் செலுத்தி, அதன் பயனை வேறோர் இடத்தில் பெறும் ஏற்பாடு இப்போது மிகவும் இயல்பாகிவிட்டது. கைப்பேசியில் கூகுள் பிளே வழியாகச் சந்தா வாங்குகிறோம். கணினியின் உலாவியில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து உள்நுழைந்து படிக்கிறோம். இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் தானாக அமைந்துவிடுவதில்லை. கடை அதைக் கட்டித் தருவதில்லை; இணையதளமும் கட்டித் தருவதில்லை. செயலியை உருவாக்கும் நிரலாளரே அதைக் கட்ட வேண்டும். எந்தக் கணத்தில், எந்தச் சான்றின் பேரில் அவர் அதைக் கட்டுகிறார் என்பதைப் பொறுத்தே, பணம் கொடுத்தவருக்குப் பொருள் கிடைக்கிறதா இல்லையா என்பது முடிவாகிறது.

வாங்குதலையும் பயனரையும் இணைக்கும் வேலை வாங்கும் கணத்திலேயே முடிந்துவிட வேண்டும், பிற்பாடு ஊகித்து இணைப்பது தொழில்நுட்ப நோக்கிலும் அறநோக்கிலும் பிழை என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்க முயல்கிறேன்.

நாக்பூரில் ஒரு தந்தை, தில்லியில் விடுதியில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அவருடைய மகள், அவர்கள் வீட்டில் பள்ளிக்குச் செல்லும் தம்பி என்று மூவரை வைத்துக்கொள்வோம். தேர்வுப் பயிற்சிச் செயலி ஒன்றின் ஆண்டுச் சந்தாவை, மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தந்தையின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாங்குகிறார்கள். கைப்பேசியில் இருப்பது தந்தையின் கூகுள் கணக்கு. பணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. செயலிக்குள் உள்நுழைந்திருப்பது மகள், அவருடைய சொந்த மின்னஞ்சல் முகவரியோடு. தில்லிக்குத் திரும்பியதும் அவர் விடுதிக் கணினியில் அதே முகவரியால் உள்நுழைகிறார். அவருக்குப் பாடங்கள் திறக்க வேண்டும். கைப்பேசியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் நம் நாட்டில் இதில் விசித்திரம் ஏதுமில்லை.

இப்போது செயலி நிறுவனத்தின் சர்வருக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். பணம் செலுத்தி முடிந்தவுடன் கூகுள் பிளே, கைப்பேசியில் உள்ள செயலியிடம் `purchaseToken` என்ற நீண்ட எழுத்துச் சரத்தைத் தருகிறது. செயலி அதைத் தன் சர்வருக்கு அனுப்ப, சர்வர் கூகுளிடம் அது மெய்யானதா என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறது. எந்தச் சந்தா, எப்போது தொடங்கியது, எப்போது முடியும், இப்போது நடப்பில் உள்ளதா என்பவையெல்லாம் விடையில் வரும். வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரி வராது. ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இதே நிலைதான்: பரிவர்த்தனையின் விவரங்கள் கையொப்பமிட்ட ஆவணமாக வரும், வாங்கியவரின் ஆப்பிள் கணக்கு எது என்பது நிரலாளருக்குச் சொல்லப்படாது. வாங்குபவரின் அந்தரங்கத்தைக் காக்கக் கடைகள் வகுத்துக்கொண்ட எல்லை அது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதன் விளைவு தெளிவானது. ‘யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார்’ என்பதற்குக் கடை உறுதி தருகிறது. ‘அந்த யாரோ ஒருவர் யார்’ என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

இந்த இடைவெளியைப் பல செயலிகள் நிரப்பும் விதம் எளிமையாகத் தோன்றும். டோக்கனைக் கைப்பேசி அனுப்பும்போது செயலிக்குள் யார் உள்நுழைந்திருக்கிறாரோ, சந்தா அவருடையது என்று சர்வர் எழுதிக்கொள்கிறது. முதல் நாள் இது சரியாகவே வேலை செய்யும். மகள் உள்நுழைந்திருந்தார், மகளின் கணக்கில் சந்தா ஏறிவிட்டது.

மூன்று வாரம் கழித்து, நாக்பூரில் தம்பி அதே கைப்பேசியை எடுத்துச் செயலியைத் திறக்கிறான். அக்காவின் கணக்கிலிருந்து வெளியேறித் தன் கணக்கால் உள்நுழைகிறான். செயலிகள் திறக்கும்போதெல்லாம் `queryPurchasesAsync()` என்ற கட்டளையால், இந்தக் கைப்பேசியின் கடைக்கணக்கில் நடப்பில் உள்ள வாங்குதல்கள் எவை என்று கேட்பது வழக்கம். கேட்கவும் வேண்டும், ஏனெனில் பணம் செலுத்திய கணத்தில் இணைப்பு அறுந்திருந்தால் விடுபட்ட டோக்கனை மீட்க அதுவே வழி. கடைக்கணக்கு தந்தையுடையது, சந்தா அதில் இருக்கிறது. செயலி டோக்கனைச் சர்வருக்கு அனுப்புகிறது. உள்நுழைந்திருப்பவன் தம்பி. சர்வர் தன் விதிப்படி சந்தாவைத் தம்பியின் பெயருக்கு மாற்றி எழுதுகிறது. அந்த நிமிடம் தில்லியில் மகளின் திரையில் பாடங்கள் பூட்டிக்கொள்கின்றன.

இதில் யாரும் தவறு செய்யவில்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை. பிழைச்செய்தி எதுவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, ஏனெனில் நிரல் தனக்குச் சொல்லப்பட்டதையே செய்தது. மகள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், ‘உங்கள் கணக்கில் சந்தா ஏதும் இல்லை’ என்ற விடை வரும். அது பதிவேட்டின்படி உண்மையும்கூட. பணம் செலுத்தியதற்கான ரசீதோ தந்தையின் மின்னஞ்சலில் இருக்கிறது. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும் ஒருவருக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து எதைப் பறிக்கும் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

இந்த நோய் தம்மிடம் உள்ளதா என்று நிறுவனங்கள் எளிதில் கண்டறியலாம். டோக்கன் வந்த ஒவ்வொரு முறையும், அது எந்தக் கணக்கின் பெயரில் வந்தது என்பதை அழிக்காமல் ஓர் அட்டவணையில் சேர்த்து வைத்தால் போதும். பிறகு ஒரு கேள்வி:

```sql
SELECT purchase_token, COUNT(DISTINCT account_id)
FROM purchase_claims
GROUP BY purchase_token
HAVING COUNT(DISTINCT account_id) > 1;
```

ஒரே டோக்கனை ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் உரிமை கொண்டாடிய இடங்கள் இதில் வெளிப்படும். இரண்டு மூன்று கணக்குகள் என்றால் பெரும்பாலும் பகிர்ந்துகொண்ட கைப்பேசி. முப்பது நாற்பது கணக்குகள் என்றால் ஒரு சந்தாவை வாங்கிப் பலருக்குத் திறந்துவிடும் வணிகம் அங்கே நடக்கிறது என்று ஐயுறலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றே: டோக்கனைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்று சர்வர் நம்பிவிட்டது.

நம் துறைகளில் பதிவு இணைப்பு என்று ஒரு சிக்கல் உண்டு. மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ளவரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ளவரும் ஒரே ஆள்தானா என்று, பொதுவான அடையாள எண் இல்லாத நிலையில், பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றை வைத்து நிகழ்தகவின் வழியே முடிவு செய்வது. ஃபெல்லெகி, சன்டர் இருவரும் 1969-இல் இதற்குக் கணிதக் கோட்பாடு வகுத்தார்கள். அதன் உள்ளீடான உண்மை, இரு பிழைகளில் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும் என்பது: பொருந்தாதவற்றைப் பொருத்திவிடுவதைக் குறைக்க முயன்றால், பொருந்துபவற்றைத் தவறவிடுவது பெருகும். வாங்குதலைப் பயனரோடு பிற்பாடு இணைக்க முயலும் நிரலாளர், தெரிந்தோ தெரியாமலோ இந்தச் சிக்கலுக்குள் நுழைகிறார். ஆனால் கணக்கெடுப்பாளருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு அவருக்கு இருக்கிறது. இரு பதிவுகளும் பிறக்கும் கணத்தில் அவர் அருகில் இருக்கிறார். இரண்டுக்கும் பொதுவான எண்ணை அவரே இட முடியும். அந்த எண்ணை இட்டுவிட்டால் ஊகத்துக்கே வேலையில்லை.

கடைகள் இதற்கென ஓர் இடம் ஒதுக்கித் தந்திருக்கின்றன. கூகுள் பிளேயில் அதன் பெயர் `obfuscatedAccountId`. 64 எழுத்து வரை கொள்ளும். ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் அறிமுகப்படுத்திய இரண்டாம் ஸ்டோர்கிட்டில் அதன் பெயர் `appAccountToken`. அங்கே `UUID` வடிவில் மட்டுமே தரலாம். மகள் கணக்கு தொடங்கும்போதே சர்வர் அவருக்கென ஒரு தற்செயல் `UUID`-ஐ உருவாக்கி வைத்துக்கொள்கிறது. பணம் செலுத்தும் திரையைத் திறக்கும்போது செயலி அதைக் கடையிடம் கொடுக்கிறது:

```kotlin
val params = BillingFlowParams.newBuilder()
    .setProductDetailsParamsList(items)
    .setObfuscatedAccountId(accountUuid)
    .build()
```

இந்த ஒரு வரியின் பயன் பெரிது. இனி அந்த எண் வாங்குதலோடு ஒட்டிக்கொள்கிறது. சர்வர் கூகுளிடம் டோக்கனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், விடையில் `obfuscatedExternalAccountId` என்ற பெயரில் அது திரும்பி வரும். பணம் செலுத்திய மறுகணம் கைப்பேசியின் இணைப்பு அறுந்து, செயலி எதையும் அனுப்ப முடியாமல் போனாலும், கூகுள் நேரடியாகச் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பில் டோக்கன் இருக்கும். டோக்கனைக் கொண்டு கேட்டால் எண் கிடைக்கும். எண்ணைக் கொண்டு மகளின் கணக்கு கிடைக்கும். வாங்கியதைச் சர்வர் ஏற்றுக்கொண்டதாக மூன்று நாளுக்குள் கூகுளுக்குத் தெரிவிக்காவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிடும், சந்தாவும் நீங்கும் என்பதால், கைப்பேசியை நம்பாத இந்த வழி இன்னும் முக்கியமாகிறது.

தம்பி செயலியைத் திறக்கும் காட்சியை இப்போது மறுபடி ஓட்டிப் பாருங்கள். கைப்பேசி டோக்கனை அனுப்புகிறது. சர்வர் கூகுளிடம் கேட்கிறது. விடையில் மகளின் எண் இருக்கிறது, உள்நுழைந்திருப்பதோ தம்பி. இரண்டும் பொருந்தவில்லை. சர்வர் எதையும் மாற்றி எழுதாமல் நின்றுவிடுகிறது. தில்லியில் பாடங்கள் திறந்தே இருக்கின்றன.

அந்த இடத்தில் மின்னஞ்சல் முகவரியையோ கைப்பேசி எண்ணையோ நேரடியாக இடக்கூடாது. கூகுள் அதை வெளிப்படையாகவே தடுக்கிறது. அப்படி இட்டால் வாங்குதலே மறுக்கப்படும். கைப்பேசி எண்ணின் ஹாஷ் மதிப்பை இடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கூகுள் அதை ஏற்கும், நான் ஏற்கமாட்டேன். இந்தியக் கைப்பேசி எண் பத்து இலக்கம்; முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆகவே இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் 400 கோடி. அத்தனைக்கும் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிட்டு, மூல எண்ணைக் கண்டுபிடிக்க இன்றைய சாதாரணக் கணினிக்குச் சில மணி நேரம்கூடத் தேவையில்லை. தற்செயல் எண்ணிலிருந்து அப்படி எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதன் பொருள் நிறுவனத்தின் அட்டவணையில் மட்டுமே இருக்கிறது.

கடையின் மின்னஞ்சலையும் உள்நுழைவு மின்னஞ்சலையும் ஒப்பிட்டு இணைப்பது இன்னொரு பழக்கம். கடை முகவரியைத் தருவதில்லை என்பதால், பயனரிடமே ரசீதைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் ரசீது தந்தையின் முகவரிக்கு வந்தது. மகளின் முகவரி வேறு. ஆப்பிள் கணக்கால் உள்நுழைந்து ‘மின்னஞ்சலை மறை’ என்பதைத் தேர்ந்தவருக்கு `privaterelay.appleid.com` என்று முடியும் முகவரிதான் நிறுவனத்துக்குத் தெரியும். அது எந்த ரசீதோடும் பொருந்தாது. ஆக, நேர்மையாகப் பணம் கொடுத்தவர்கள் இதில் தோற்கிறார்கள். ரசீதின் திரைப்பிடிப்பை நண்பர்களுக்கு அனுப்பத் தெரிந்தவர்கள் வெல்கிறார்கள்.

எண்ணை இட்டுவிட்டாலும் மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது, டோக்கன் மாறும் இடம். கூகுள் பிளேயில் மாதச் சந்தாவை ஆண்டுச் சந்தாவாக மாற்றினால் புதிய `purchaseToken` பிறக்கிறது. பழையது எது என்பது `linkedPurchaseToken` என்ற புலத்தில் வரும். சர்வர் அந்தச் சங்கிலியைப் பின்தொடர்ந்து, பழைய டோக்கனின் உரிமையாளரையே புதியதற்கும் எழுதி, பழையதைச் செல்லாததாக்க வேண்டும். இதைச் செய்யாத செயலிகளில் ஒரே பணத்துக்கு இரண்டு சந்தாக்கள் நடப்பில் இருக்கும். ஆப்பிளில் இந்தத் தொல்லை குறைவு. புதுப்பித்தல்களிலும் மீட்டெடுத்தல்களிலும் `originalTransactionId` மாறாமல் தொடரும்.

இரண்டாவது, எண்ணே இல்லாமல் வரும் வாங்குதல். சலுகைக் குறியீட்டைச் செயலிக்கு வெளியே, கடைக்குள்ளேயே பயன்படுத்தினால், நம் செயலி ஓடவே இல்லை. ஆகவே எண்ணை இட யாரும் இல்லை. இங்கே மட்டும், டோக்கனோடு முதலில் வரும் கணக்குக்கு உரிமை தருவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு முறை எழுதியபின் அது மற்ற இணைப்புகளைப் போலவே உறுதியாக நிற்க வேண்டும்.

மூன்றாவது இடமே உண்மையில் கருத்து வேறுபாட்டுக்கு உரியது. தம்பியின் காட்சியில் சர்வர் நின்றுவிட்டது என்றேன். நின்றபின் என்ன செய்வது? ஒருவேளை மகள் தேர்வு முடிந்து, சந்தாவைத் தம்பிக்கே விட்டுவிட எண்ணியிருக்கலாம். அல்லது மகளே தன் பழைய மின்னஞ்சலை மறந்து புதுக் கணக்குத் தொடங்கியிருக்கலாம். எப்போதும் மறுப்பது என்ற விதி இவர்களைக் கைவிடுகிறது. எப்போதும் மாற்றுவது என்ற விதி முன்னே கண்ட விபத்தை உண்டாக்குகிறது. எண்ணிக்கையில் கூடுதலாகப் புகார் வருவது மறுக்கும்போதுதான் என்பதால், நிறுவனங்கள் மாற்றிவிடுவதையே விரும்புகின்றன. மாற்றப்பட்டதால் இழந்தவர் தொலைவில் இருக்கிறார். அவருக்கு நடந்தது என்னவென்றே தெரியாது. ஆகவே அவருடைய புகார் தெளிவில்லாமல் வந்து, பொதுவான குறைகளோடு கலந்து மறைந்துவிடுகிறது.

மாற்றம் நடக்கலாம், ஆனால் யாருக்கும் தெரியாமல் நடக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. ‘இந்தச் சந்தா s…@… என்ற கணக்கோடு இணைந்துள்ளது. உங்கள் கணக்குக்கு மாற்ற வேண்டுமா?’ என்று பாதி மறைத்த முகவரியோடு தம்பிக்குத் திரையில் காட்ட வேண்டும். அவன் ஆம் என்றால், மகளின் முகவரிக்கு அறிவிப்பு போக வேண்டும். ஓரிரு நாள் அவகாசத்தில் அவர் மறுக்க முடிய வேண்டும். மாற்றங்களுக்கு ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பும் வைக்கலாம். ஒரு சந்தாவைப் பலருக்கு விற்பவர்களுக்கு அதுவே தடையாகும்.

இதன் அடியில் ஒரு கருத்தியல் தெளிவும் தேவைப்படுகிறது. கடையின் கண்ணுக்குத் தெரிபவர் பணம் செலுத்தியவர். சந்தாவை நிறுத்தும் உரிமையும் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அவருடையவை. செயலியின் கண்ணுக்குத் தெரிபவர் பயன்படுத்துபவர். பாடங்களைத் திறக்கும் உரிமை அவருடையது. தந்தை பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டால் மகளின் பாடங்கள் மூடுவது நியாயம். தந்தையின் கைப்பேசியில் வேறொருவர் உள்நுழைந்ததால் மூடுவது நியாயமில்லை. இவ்விருவரையும் ஒருவராகவே கருதி ஒரே புலத்தில் எழுதும் தரவுத்தள வடிவமைப்பு, ஒரு கைப்பேசிக்கு ஒரு மனிதர் என்ற சமூகத்துக்காக எழுதப்பட்டது. அது நம்முடைய சமூகம் அன்று. ஆப்பிள் தன் குடும்பப் பகிர்வில் `inAppOwnershipType` என்ற புலத்தின் வழியே, வாங்கியவரா குடும்பத்தினரா என்று பிரித்துக் காட்டுகிறது. இந்த வேறுபாடு கடைகளுக்குத் தெரியாத ஒன்றல்ல என்பதற்கு அதுவே சான்று.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வாங்கும் கணத்தில் எண்ணை இட வேண்டுமானால், வாங்குமுன் உள்நுழைய வேண்டும். உள்நுழையச் சொன்னால் பலர் வாங்காமலே திரும்பிவிடுவார்கள். கணக்கு சார்ந்த வசதிகள் முக்கியமாக இல்லாத செயலிகள் உள்நுழைவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று ஆப்பிளின் விதியும் சொல்கிறது. இம்மறுப்பு நியாயமானது. விடை, பெயரற்ற கணக்கு. செயலி முதன்முதல் திறக்கும்போதே சர்வர் மின்னஞ்சல் இல்லாத ஒரு கணக்கைத் தொடங்கி, அதற்கொரு `UUID` கொடுக்கட்டும். வாங்குதல் அந்த எண்ணோடு நடக்கட்டும். பயனர் வேறு தளத்தில் படிக்க விரும்பும் நாளில் அந்தக் கணக்குக்கே ஒரு மின்னஞ்சலைச் சேர்க்கட்டும். அவருக்கு ஏற்கெனவே வேறொரு கணக்கு இருந்தால் மட்டும் இரண்டையும் ஒன்றாக்கும் கேள்வி எழும். அப்போதும் முன்சொன்னபடி கேட்டுவிட்டே ஒன்றாக்க வேண்டும். வேலை கூடுதல்தான். ஆனால் அது ஒருமுறை செய்யும் வேலை. அதைச் செய்யாதபோது அதே வேலையைப் பயனர்கள் ஒவ்வொருவரும், ரசீதைத் தேடியும் கடிதம் எழுதியும், தனித்தனியாகச் செய்கிறார்கள்.

இங்கே கணினியியல் மாணவர்கள் பலர் இருப்பதால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வகமோ கல்லூரியோ வெளியிட்டிருக்கும் செயலி எதிலாவது சந்தா இருந்தால், ஒரு கைப்பேசியில் முதல் கணக்கால் வாங்கி, வெளியேறி, இரண்டாம் கணக்கால் உள்நுழைந்து பாருங்கள். பிறகு உலாவியில் முதல் கணக்கைத் திறவுங்கள். ஐந்து நிமிடச் சோதனை. பாடங்கள் பூட்டியிருந்தால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். சமூக அறிவியல் நண்பர்களிடம் ஒரு கேள்வி: வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்ற நிலையில், பணம் தருபவர், கைப்பேசியை வைத்திருப்பவர், படிப்பவர் ஆகிய மூவரில் யாருடைய பெயரில் உரிமை எழுதப்படுகிறது என்பதைக் களத்தில் யாரேனும் பதிவு செய்திருக்கிறீர்களா? அப்படிப்பட்ட தரவு கையில் இருந்தால், மேலே நான் சொன்ன விதிகளில் எவை மாற வேண்டும் என்று பேசலாம்.